முன்பதிப்பில் மூன்றாம் அட்டவணை

நூலகத்தின் இரண்டாவது மாடியில், ஜெராக்ஸ் அறைக்கும் பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு வேலை ஆணையில் 'உதவி நூலகர், கட்டுரைக் களஞ்சியம்' என்று பெயர். அப்படி அவளை இதுவரை ஒருவரும் அழைத்ததில்லை. துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரை எல்லோருக்கும் அவள் வெர்ஷன் அக்காதான்.

யார் எந்தக் கட்டுரையை நீட்டினாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்த வெர்ஷன்?" என்பது. மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்த தேர்வுப் பிரிவுக்காரரிடம்கூடப் பழக்கதோஷத்தில் அதையே கேட்டுவிட்டாளாம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மண்டபம் மாறிடுச்சு, வேற அடிச்சுட்டு இருக்கோம்" என்றாராம். அக்கா இந்தக் கதையை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அதற்கெல்லாம் தெம்பு வேண்டும். அவளிடம் அப்போது தெம்பு இல்லை.

வேலை என்னவோ சொல்லுவதற்கு எளிதானதுதான். பேராசிரியர்கள் எழுதும் கட்டுரைகளை இதழ்கள் வெளியிடுகின்றன; காசு கட்டினால்தான் படிக்க முடியும். பல்கலைக்கழகமோ, தன் ஆட்கள் எழுதியதை யாரும் இலவசமாகப் படிக்கட்டும் என்று ஒரு களஞ்சியம் வைத்திருக்கிறது. இதழ்காரர்கள் அதற்கு ஒரேயடியாக முடியாது என்று சொல்வதில்லை. எதைப் போடலாம், எப்போது போடலாம், எந்தக் கோலத்தில் போடலாம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவர் முதன்முதலில் அனுப்பிய பிரதி முன்பதிப்பு. அதைப் பெரும்பாலும் எப்போது வேண்டுமானாலும் போடலாம். மதிப்பாய்வாளர்கள் குடைந்து, எழுதியவர் திருத்தி, இதழ் ஏற்றுக்கொண்ட பிரதிக்கு ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். சின்னமும் பக்க எண்ணும் போட்டு இதழ் அச்சுக்கோத்த பிரதி அவர்களுடைய சொத்து, அதைத் தொடவே கூடாது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத முனைவர்கள் வளாகத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். பிரித்துக் காட்ட ஓர் அக்கா இருந்தாள்.

அவளும் ஒரு முறை சறுக்கியவள்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பெரிய பேராசிரியர், "மேல இருக்கற அந்தப் பட்டையை மட்டும் வெட்டிட்டுப் போடும்மா, எவன் பாக்கப்போறான்" என்றார். அவளும் இதழின் சின்னத்தை வெட்டிவிட்டுப் போட்டாள். பார்க்க ஒருவன் இருந்தான். வெளியீட்டாளரிடமிருந்து கடிதம் வந்து, களஞ்சியம் முழுவதும் எட்டு நாள் மூடிக் கிடந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தது அவள். பெரிய பேராசிரியர் அந்த வாரம் மாநாட்டில் இருந்தார்.

அதற்கு அடுத்த வருடம் வீட்டில் இடி விழுந்தது. நில அளவைத் துறையில் சங்கிலியும் கம்பமுமாக வெயிலில் நடந்து தேய்ந்த மனிதர், அவளுடைய வீட்டுக்காரர், ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். இடது பக்கம் முழுக்கப் போயிற்று. வலது பக்கமும் பேருக்குத்தான். நாக்கு குழறினாலும் குறும்பு மட்டும் குழறவில்லை. படுக்கையில் அவரை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் திருப்பும்போதெல்லாம், "அடுத்த... பக்கமா?" என்பார். நூலகக்காரியைக் கட்டியவர் வேறு எப்படிப் பேசுவார்?

பகலில் நாத்தனார் வந்து பார்த்துக்கொண்டாள். இரவு முழுக்க அக்காவின் பாடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று அலாரம் வைத்தாள். ஏறக்குறைய இரண்டு வருடமாக அவள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கியதே இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டாள். சில நாள் கட்டுரையின் சுருக்கத்தை மூன்று முறை படித்தும் என்ன படித்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

இப்படிப்பட்ட ஒரு வியாழக்கிழமை, செவிலியர் கல்லூரியிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நாற்பத்துநான்கு வயது, பன்னிரண்டு வருடமாக ஒப்பந்த வேலை. கையில் ஒரு பென்டிரைவ், முகத்தில் அவசரம்.

"அக்கா, என்னை நிரந்தரம் பண்றதுக்குக் குழு கூடுது. களஞ்சியத்துல எல்லாரும் படிக்கற மாதிரி இருக்கற கட்டுரையை மட்டும்தான் கணக்குல எடுப்பாங்களாம். அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள இருக்கணும். எனக்கு ஒண்ணுதான் குறையுது. அந்த ஒண்ணு இதுதான்."

அக்கா பென்டிரைவைச் செருகிப் பார்த்தாள். இதழின் சின்னம், இரட்டைப் பத்தி, அடியில் இருநூற்றுப் பதினொன்று என்று பக்க எண்.

"இது எந்த வெர்ஷன்னு நான் கேக்கவே வேணாம் டீச்சர். இது அச்சுல வந்தது. இதைப் போட்டா அடுத்த நாள் நானும் நீங்களும் சேர்ந்து விளக்கம் எழுதணும்."

"அப்ப எதைப் போடலாம்?"

அக்கா இதழின் கொள்கைப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். கட்டுரை வெளியாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஏற்கப்பட்ட பிரதி ஒரு வருடம் கழித்துத்தான் திறக்கலாம். "உங்களுக்கு ப்ரீபிரிண்ட்தான் வழி. மொதல்ல அனுப்பினீங்களே, அந்த ஃபைல். அதை எடுத்துட்டு வாங்க."

டீச்சர் மறுநாள் காலையில் வேறொரு ஃபைலை மின்னஞ்சலில் அனுப்பினார். ஒற்றைப் பத்தி, சின்னம் இல்லை, பக்க எண் இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா இரண்டு பக்கம் உருட்டிவிட்டுப் போனை எடுத்தாள்.

"டீச்சர், அச்சுப் பிரதியிலிருந்து எழுத்தை மட்டும் சொரண்டி எடுத்து வேர்டுல ஒட்டியிருக்கீங்க."

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"வரி முடிவுல பிரிச்ச வார்த்தையெல்லாம் கோடு கோடா நடு வரியில நிக்குது. 'ஏற்கப்பட்ட தேதி'ன்னு ஒரு வரியும் இருக்கு. ஏத்துக்கறதுக்கு முன்னாடி அனுப்பினதுல ஏத்துக்கிட்ட தேதி எப்படி வரும்? உடுப்பை மாத்தினா ஆள் மாறிடுவாங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார். பழைய ஃபைல் இருந்த மடிக்கணினி எப்போதோ செத்துப்போயிருந்தது. அக்காதான் வழி சொன்னாள். இதழுக்குக் கட்டுரை அனுப்பிய இணையதளத்தில் உங்கள் பெயரில் உள்ளே போனால், முதலில் அனுப்பிய பிரதி, திருத்தி அனுப்பிய பிரதி, இரண்டும் அப்படியே இருக்கும், இரண்டையும் இறக்கி அனுப்புங்கள் என்றாள். கடவுச்சொல் மறந்து, அதை மீட்டு, திங்கட்கிழமை காலையில் இரண்டும் வந்தன.

முதலில் அனுப்பியது அசல் முன்பதிப்பேதான். வரிக்கு வரி இடைவெளி, ஓரத்தில் வரி எண்கள், அட்டவணைகள் எல்லாம் கடைசியில் குவியலாக. தலைப்புகூட வேறு. மதிப்பாய்வில் பாதித் தலைப்பை வெட்டியிருந்தார்கள்.

அக்கா வேலையை ஆரம்பித்தாள். வரி எண்களை எடுத்தாள். இடைவெளியைக் குறைத்தாள். இதழ் தன் கட்டுரையாளர்களுக்குத் தரும் அச்சுக்கான வார்ப்புருவை எடுக்காமல், களஞ்சியத்தின் சொந்தச் சாதா வடிவத்தில், ஒற்றைப் பத்தியில் ஊற்றினாள். அட்டவணைகளை அவற்றைப் பற்றிப் பேசும் பத்திகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். எழுத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. ஒரு சொல் இரண்டு முறை வந்திருந்ததையும் அப்படியே விட்டாள். தோற்றம் அவள் பொறுப்பு, சொல் டீச்சர் பொறுப்பு. இந்தக் கோட்டை அவள் தாண்டுவதே இல்லை.

அட்டவணைகளை நகர்த்தும்போது படிக்காமல் இருக்க முடியவில்லை. கட்டுரை படுக்கைப்புண் பற்றியது. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் சாதாரண நுரை மெத்தை எவ்வளவு உதவும் என்று பார்த்திருந்தார்கள். மூன்றாவது அட்டவணை, தானாக அசையவே முடியாதவர்களைப் பற்றியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பியவர்களைவிட நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பியவர்களுக்குப் புண் குறைவு என்று எண்கள் காட்டின. கீழே ஒரு வரியும் இருந்தது: நுரை மெத்தை இருந்தால் இவர்களுக்கு நான்கு மணி நேர இடைவெளி போதும் என்று தோன்றுகிறது.

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். வீட்டில் இருப்பது நுரை மெத்தை. எழுதியிருப்பவர் செவிலியர்களுக்கே பாடம் எடுப்பவர். கட்டுரை இதழில் வெளிவந்தும் விட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றிரவு பத்து மணிக்குத் திருப்பிவிட்டுப் பன்னிரண்டு மணி அலாரத்தையும் நான்கு மணி அலாரத்தையும் எடுத்துவிட்டாள்.

ஊருக்கெல்லாம் வெர்ஷன் பார்த்துச் சொல்பவள், தன் வீட்டுக்கு என்று வரும்போது பார்க்கவில்லை. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் தூங்காதவளிடம் நான்கு மணி நேரத் தூக்கத்தை அச்செழுத்தில் நீட்டினால், அது எந்தப் பிரதி என்று கேட்கவா தோன்றும்?

திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று இரவுகள் போயின. புதன்கிழமை அவள் முகத்தைப் பார்த்த ஜெராக்ஸ்காரர், "என்னக்கா, லீவுல போயிட்டு வந்தீங்களா?" என்றார். அவள் சிரித்தாள். தலைக்கு எண்ணெய்கூட வைத்திருந்தாள்.

கட்டுரையில் இன்னொருவர் பெயரும் இருந்தது, ஒரு வார்டு டாக்டருடையது. அவருடைய சம்மதம் இல்லாமல் போட முடியாது என்று அக்கா அனுப்பியிருந்த கடிதத்துக்கு, வியாழக்கிழமை காலையில்தான் 'சரி' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. டீச்சரை வரச்சொன்னாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வெர்ஷன் குறிப்பை எழுத ஆரம்பித்தாள். அதன் வாசகத்தை வெளியீட்டாளரே கொடுத்திருந்தார். இது மதிப்பாய்வுக்கு முன் இதழுக்கு அனுப்பப்பட்ட முன்பதிப்பு. இறுதி வடிவம் இன்ன தலைப்பில், இன்ன இதழில், இன்ன தொகுதியில் வெளியாகியுள்ளது. கீழே நிரந்தர இணைப்பு. தலைப்பு மாறியிருந்ததால் அச்சுப் பிரதியைத் திறந்துவைத்துப் பார்த்து எழுதினாள். அனுப்பியது முன்பதிப்புத்தான் என்று கடைசியாக ஒரு தரம் உறுதிசெய்ய, இரண்டையும் அருகருகே வைத்து அட்டவணைகளை ஓட்டினாள்.

முதல் அட்டவணை ஒன்றுதான். இரண்டாவதும் ஒன்றுதான். மூன்றாவதில் எண்கள் எல்லாம் அதேதான், மேலே இருந்த தலைப்புகள்தான் மாறியிருந்தன. 'இரண்டு மணி' இருந்த இடத்தில் 'நான்கு மணி'. 'நான்கு மணி' இருந்த இடத்தில் 'இரண்டு மணி'.

"டீச்சர், இது என்ன?"

டீச்சர் தொண்டையைச் செருமினார். "அதைப் பத்தித்தான்க்கா உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன். மொதல்ல அனுப்பினப்ப தலைப்பை மாத்திப் போட்டுட்டேன். அட்டவணையைப் பாத்தே கீழ அந்த வரியையும் எழுதிட்டேன். மதிப்பாய்வுல ஒருத்தர், 'ரெண்டாம் அட்டவணைக்கும் இதுக்கும் ஒத்துவரலையே, சரிபாருங்க'ன்னு கேட்டார். அப்பத்தான் தெரிஞ்சுது. அச்சுல எல்லாம் சரியாயிடுச்சு." குரலைத் தாழ்த்தினார். "இதுலயும் அந்தத் தலைப்பை மட்டும் சரிபண்ணிடலாமா? அந்த ஒரு வரியையும். குழுவுல பாத்தா அசிங்கம்க்கா. அதுவும் இல்லாம இதுதானே உண்மை?"

அக்கா வெளுத்துப்போன முகத்தோடு போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள்.

"அண்ணனோட இடுப்பைப் பாரு. ரெண்டு பக்கமும். இப்பவே பாரு."

"என்னாச்சு அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"பாருன்னா பாரேன்!"

டீச்சருக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு அக்காவின் முகத்தையும் திரையில் இருந்த அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா எழுந்து நின்றிருந்தாள்.

"வலது இடுப்பெலும்புகிட்ட செவப்பா இருக்கு அண்ணி," என்றது போன். "நேத்தும் லேசா இருந்துச்சு. துணி மடிப்பு அழுத்தியிருக்கும்னு நெனச்சேன்."

டீச்சர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். அந்த நிமிடம் அவர் குரலில் இருந்த பயம் போய்விட்டது. வார்டில் நிற்பவரின் குரல் வந்தது. "நான் நர்ஸ் பேசறேன்மா. அந்தச் செவப்பு மேல வெரலை வெச்சு அழுத்தி எடுங்க. அழுத்தின இடம் வெளுக்குதா?"

"இல்லீங்க. அப்படியே செவப்பாத்தான் இருக்கு."

"தோல் பிஞ்சிருக்கா? கொப்புளம்?"

"இல்ல."

"சரி. அந்தப் பக்கம் படுக்க வெக்காதீங்க. தேய்க்காதீங்க, எண்ணெய் எதுவும் போட்டு நீவிவிடாதீங்க. மறு பக்கம் முழுசாச் சாய்க்காம, முதுகுக்குத் தலையணை குடுத்துக் கொஞ்சமாச் சாய்ச்சு வைங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தியே ஆகணும். சாயங்காலம் டாக்டர்கிட்ட காட்டுங்க. புண் ஆகல. ஆரம்பம்தான்."

டீச்சர் போனை வைத்தார்.

"என்னிக்கிலேருந்துக்கா?"

"திங்கக்கெழமலேருந்து."

டீச்சர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். "அய்யோ. என்னாலதானே."

"நீங்க என்ன பண்ணுவீங்க? மதிப்பாய்வுக்கு முன்னாடி அனுப்பினதுன்னு எனக்குத் தெரியாதா? அந்த வாசகத்தை வாரத்துக்கு நாலு தடவ எழுதறவ நான்."

அதைச் சொல்லும்போது அக்காவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. டீச்சர் மேலும்தான். இரண்டையும் மறைக்கத் தெரியாமல் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

"அப்ப மாத்திடலாம்க்கா," என்றார் டீச்சர். "இப்ப உங்களுக்கே தெரியுதுல்ல? இதை இப்படியே போட்டா உங்கள மாதிரி இன்னும் எத்தனை பேர் படிச்சுட்டு…"

அக்காவுக்கும் மாற்றிவிடத்தான் கை பரபரத்தது. இரண்டு தலைப்புகள், ஒரு வரி. அரை நிமிட வேலை. ஆனால் இதழின் கொள்கை திரையில் திறந்தே கிடந்தது. மதிப்பாய்வுக்குப் பிறகு வந்த திருத்தங்களை முன்பதிப்பில் சேர்க்கக் கூடாது. இறுதி வடிவத்துக்கு ஈடாகத் தோன்றும்படி அதை மேம்படுத்தவும் கூடாது.

"மாத்தினா இது மொதல்ல அனுப்பினது இல்ல டீச்சர். மேல நான், 'மதிப்பாய்வுக்கு முன் அனுப்பப்பட்டது'ன்னு எழுதியிருக்கேன். அது பொய்யாயிடும். அனுப்பின தேதி இதழோட தளத்துல இருக்கு, ஃபைலும் இருக்கு. நாளைக்கு எவனாவது ஒப்பிட்டுப் பாத்தான்னா, தப்பு பண்ணினதுக்கு இல்ல, மறைச்சதுக்கு உங்களப் பிடிப்பான். அப்புறம் குழு என்ன, இருக்கற வேலையும் போயிடும்."

"மாத்தாமப் போட்டா?"

"மாத்தாமத்தான் போடணும். ஆனா மூடி மறைக்காமப் போடணும்." அக்கா முதல் பக்கத்தைக் காட்டினாள். களஞ்சியம் தன் சார்பில் ஒட்டும் முகப்புத்தாள் அது. கட்டுரையின் பகுதி இல்லை. அதில் எழுதுவதை இதழ் தடுக்கவில்லை. கட்டுரையைப் பற்றிய விவரப் பக்கத்திலும் ஒரு குறிப்புப் பெட்டி இருந்தது. "இங்க பெருசா ஒரு வரி. மூணாம் அட்டவணை தப்பு, சரியானது இன்னதுன்னு. அதோட திருத்தி அனுப்பின பிரதியையும் சேத்துப் பூட்டி வெச்சுடறேன். திறக்க இன்னும் எட்டு மாசம் ஆகும். ஆனா 'பிரதி கேளுங்கள்'னு ஒரு பொத்தான் இருக்கு. யாராவது அழுத்தினா உங்களுக்கு மெயில் வரும். கேட்டவங்களுக்குத் தனியா அனுப்ப அனுமதி இருக்கு."

"முகப்புலயா? குழு மொத மொதல்ல பாக்கறதே அதைத்தானே."

"ஆமா."

அக்கா அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்த அவளுக்கு அதிகாரமும் இல்லை. வேண்டுமென்றால் இந்தக் கட்டுரையே வேண்டாம் என்று டீச்சர் எழுந்து போகலாம். அடுத்த முறை வேறு கட்டுரையோடு வரலாம். மனசுக்குள் அக்கா அதைத்தான் விரும்பினாளோ என்னவோ. எழுதச் சொல்பவளாக இருப்பதும் ஒரு பாரம்தான்.

டீச்சர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வரி எழுதினார், அழித்தார். 'சிறு பிழை' என்று எழுதி, 'சிறு' என்பதை அழித்தார். கடைசியில் இப்படி நின்றது:

'எச்சரிக்கை. இந்த முன்பதிப்பின் மூன்றாம் அட்டவணையில் தலைப்புகள் இடம் மாறியுள்ளன. அதை வைத்து எழுதிய வரியும் தவறு. தானாக அசைய முடியாதவரை நான்கு மணி நேரம் திருப்பாமல் விடக் கூடாது. சரியான அட்டவணை வெளியான கட்டுரையில் உள்ளது. கிடைக்காதவர்கள் என்னைக் கேட்டால் அனுப்புகிறேன். பிழை என்னுடையது.'

கீழே தன் பெயரைப் போட்டார். அக்கா எழுத்தின் அளவை இரண்டு புள்ளி கூட்டினாள். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கட்டுரை களஞ்சியத்தில் ஏறியது. வியாழக்கிழமை இரவே வீட்டில் பழைய அலாரங்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. "அடுத்த... பக்கமா?" என்றார் வீட்டுக்காரர். "பேசாம படுங்க," என்றாள் அவள், கொஞ்சம் கரகரத்து. சிவப்பு மங்கி, அழுத்தினால் வெளுக்க ஆரம்பிக்க ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் அவள் அவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அவருக்குக் காரணம் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

குழு புதன்கிழமை கூடியது. வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில் மாடி வெறிச்சோடிக் கிடந்தபோது டீச்சர் வந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"தள்ளி வெச்சுட்டாங்கக்கா. அடுத்த கூட்டம் ஆறு மாசம் கழிச்சு."

"குறிப்பாலயா?"

"குறிப்பாலதான்." டீச்சர் உட்கார்ந்தார். "கட்டுரையை எண்ணிக்கையில சேத்துக்கிட்டாங்க, அதுல தகராறு இல்ல. ஒருத்தர் மட்டும் முகப்பைச் சத்தமாப் படிச்சார். 'வெளியான கட்டுரையில எல்லாம் சரியா இருக்கறப்ப, இதை எதுக்கும்மா மொதப் பக்கத்துலயே போட்டுக்கிட்ட? சொல்லலைன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்'னு கேட்டார். ஏற்கெனவே ஒருத்தங்க அதைப் படிச்சு அப்படியே செஞ்சுட்டாங்க சார்னு சொன்னேன். தரவுகளை இன்னொரு ஆள் சரிபாத்துக் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் பாக்கலாம்னு எழுதிட்டாங்க."

பன்னிரண்டு வருடத்தோடு இன்னும் ஒரு ஆறு மாதம். "நான்தான் உங்கள எழுத வெச்சேன்," என்றாள்.

"நான்தான்க்கா எழுதினேன். பிரதி கேட்டு ஒன்பது பேர் மெயில் போட்டிருக்காங்க. எல்லாருக்கும் அனுப்பிட்டேன். அதுல ரெண்டு பேர் நோயாளிய வீட்டுல வெச்சுப் பாக்கறவங்க." டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "அவருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"சரியாயிட்டு வருது."

"ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனைக்காதீங்க. அந்த மூணு நாள், ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினீங்களே. எப்படி இருந்துச்சு?"

இதை வேறு யார் கேட்டிருந்தாலும் அக்கா எழுந்து போயிருப்பாள். நாத்தனார் கேட்கவில்லை. டாக்டர் கேட்கவில்லை. எப்படி இவ்வளவு அலட்சியமாக இருந்தீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதும் அதைத்தான்.

"நல்லா இருந்துச்சு டீச்சர்," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சு. கனவெல்லாம் வந்துச்சு. ரெண்டு வருஷமா எனக்குக் கனவே வரல. அவர் தோலு செவந்துக்கிட்டு இருந்தப்ப நான் பக்கத்துலயே படுத்து சுகமா..."

புருஷன் படுத்த நாளிலிருந்து யார் முன்னாலும் அழாதவள், நூலகத்தின் இரண்டாவது மாடியில் பட்டப்பகலில் விசும்பி விசும்பி அழுதாள். டீச்சர் எழுந்து கண்ணாடித் தடுப்பின் கதவைச் சாத்திவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.